வானொலி மருத்துவப் பேச்சைக் குறிப்புத்தாளாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொலியில் ஒரு மருத்துவர் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். அதை ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒட்டும் ஒரு பக்கத் தாளாக மாற்ற வேண்டும். இந்த வேலையில் இறங்குகிற தன்னார்வலர்களும் மாணவர்களும் சமுதாய வானொலிக்காரர்களும் கேட்கும் கேள்விகள் கீழே இருக்கின்றன. எல்லாப் பதில்களுக்கும் டெங்கு பற்றிய ஒரே பேச்சைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அது இந்தப் பக்கத்துக்காக நானே எழுதிய மாதிரிப் பேச்சு. மருத்துவர்கள் மைக் முன்னால் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதியிருக்கிறேன்.

கேட்டுக்கொண்டே முக்கியமானதைக் குறித்துக்கொண்டால் போதாதா? முழுவதையும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும், அதுவும் பேசியபடியே. பதினைந்து நிமிடப் பேச்சை எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்தால் பிறகு மருத்துவரின் பேரில் அவர் சொல்லாததை அச்சடிக்க நேரும்.

குறிப்பெடுக்கும் கை எப்போதும் பெயர்ச்சொல்லையும் வினையையும் மட்டும் பிடித்துக்கொள்ளும். "பப்பாளி இலைச்சாறு குடிச்சா தட்டணு ஏறுதுன்னு சில பேர் சொல்றாங்க" என்பதைக் கேட்டவர் நோட்டில் "பப்பாளி இலை – தட்டணு ஏறும்" என்று இருக்கும். தட்டணு என்பது ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட். மறுநாள் நோட்டைப் பார்க்கும்போது "சில பேர் சொல்றாங்க" என்பது நினைவில் இருக்காது.

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றிக்கொண்டே எழுதுவதும் இதே ஆபத்துதான். "ஏறுதுங்கறாங்க" என்பது நம்மை அறியாமலே "ஏறுகிறது" ஆகிவிடும். அதனால் முதல் எழுத்தில் இழுவை, "ம்", "அது வந்து" உட்பட அப்படியே இருக்கட்டும். அழகுபடுத்துவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் அது பதிவில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுதிவிடுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.

மாதிரிப் பேச்சு என்றீர்களே, அது எங்கே?

தேவையான பகுதிகள் மட்டும்:

4:12 மருத்துவர்: டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும். விடிஞ்ச கொஞ்ச நேரத்துலயும், பொழுது சாயறதுக்கு முன்னாடியும் அதிகமா கடிக்கும். அதோட முட்டை தொட்டிச் சுவர்ல ஒட்டிக்கிட்டிருக்கும். தண்ணி வத்திக் காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால தண்ணியக் கொட்டினா மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு தடவையாவது உள்பக்கத்தத் தேய்ச்சுக் கழுவணும்.

6:40 மருத்துவர்: காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிம்மதியா இருந்துடுவாங்க. அப்பத்தான் கவனிக்கணும். பெரும்பாலும் மூணுலேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள, காய்ச்சல் இறங்கற சமயத்துல, ஒரு நாள் ரெண்டு நாள் சிக்கலான கட்டம் வரும். எல்லாருக்கும் வராது. வயித்துவலி விடாம இருந்தா, வாந்தி நிக்கலைன்னா, ஈறுல மூக்குல ரத்தம் கசிஞ்சா, பிள்ளை சோர்ந்து சுருண்டுட்டா, காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்.

8:05 தொகுப்பாளர்: காய்ச்சலுக்கு என்ன மாத்திரை போடலாம் டாக்டர்?
மருத்துவர்: பாராசிட்டமால் போடலாம், சொன்ன அளவுக்கு மேல வேண்டாம். உடம்பு வலிக்குதுன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் கடையில கேட்டு வாங்கிப் போடக் கூடாது. ரத்தக்கசிவ அதிகமாக்கிடலாம்.

9:30 தொகுப்பாளர்: பப்பாளி இலைச்சாறு குடிச்சா தட்டணு ஏறுதுங்கறாங்களே?
மருத்துவர்: அது வந்து… சில சின்ன ஆய்வுகள்ல தட்டணு கொஞ்சம் சீக்கிரம் ஏறினதா சொல்லியிருக்காங்க. ஆனா அதனால ரத்தக்கசிவு குறையுதா, உயிர் பிழைக்கிறாங்களான்னு கேட்டா, அது இன்னும் நிரூபணமாகல. குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. அத நம்பி ஆஸ்பத்திரிக்கு வராம இருந்துடாதீங்க.
தொகுப்பாளர்: ஆக, பப்பாளி இலைச்சாறு நல்லதுதான், கூடவே மருத்துவமனைக்கும் போகணும்.
மருத்துவர்: ம்… ஆஸ்பத்திரிக்கு வர்றது முக்கியம்.

11:50 மருத்துவர்: தட்டணு குறைஞ்சாலே ஏத்துங்கன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. ரத்தக்கசிவு இல்லாதவங்களுக்கு வெறும் எண்ணிக்கைய மட்டும் வெச்சு ஏத்தறதுல பலன் இருக்கற மாதிரி தெரியல. நாலஞ்சு நாள்ல தானாவே ஏற ஆரம்பிச்சுடும், அனேகமா.

எது கூற்று, எது அறிவுரை, எது எச்சரிக்கை? எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.

பேச்சில் ஒன்றாகத்தான் வரும். பிரிப்பது உங்கள் வேலை. உலகம் இப்படி இருக்கிறது என்று சொன்னால் அது கூற்று. அதை ஒருவர் போய்ச் சரிபார்க்க முடியும். கேட்பவர் செய்ய வேண்டியதைச் சொன்னால் அறிவுரை. செய்யக் கூடாததைச் சொன்னாலோ, இன்னது நடந்தால் தாமதிக்காதே என்று சொன்னாலோ எச்சரிக்கை.

4:12 பத்தியைப் பாருங்கள். கடைசி வாக்கியம் அறிவுரை: வாரம் ஒரு முறையாவது தேய்த்துக் கழுவு. அதற்கு முன்னால் இருப்பவை கூற்றுகள்: கொசு பகலில் கடிக்கும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். "அதனால" என்ற சொல் இரண்டையும் கட்டிவைத்திருக்கிறது. தாளில் எழுதும்போது அந்தக் கட்டை அவிழ்த்துவிடாதீர்கள். "தொட்டியைத் தேய்த்துக் கழுவவும்" என்று மட்டும் எழுதினால், ஏற்கெனவே தண்ணீரைக் கொட்டிவிட்டவர் வேலை முடிந்தது என்றே நினைப்பார். காய்ந்த சுவரில் முட்டை இருக்கிறது என்று தெரிந்தால்தான் தேய்ப்பார்.

6:40 பத்தியில் வேறொரு சிக்கல். ஆபத்து அறிகுறிகளை வரிசையாக எழுதிவிட்டு, அவற்றுக்கு முன்னால் வந்த நேரத்தை விட்டுவிடுவார்கள். "காய்ச்சல் இறங்கற சமயத்துல" என்பதுதான் அங்கே உயிர்நாடி. காய்ச்சல் ஏறும்போது பயப்படுவது எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது பயப்பட வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் மருத்துவர் ஒரு நிமிடம் செலவழித்தார். எச்சரிக்கை எழுதும்போது எப்போது, யாருக்கு, எந்த நிலையில் என்ற மூன்றும் அதே வரியில் இருக்கட்டும்.

மருத்துவர் எதை உறுதியாகச் சொன்னார், எதை அளந்து சொன்னார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரல் தடுமாறியதா என்று பார்க்காதீர்கள். அனுபவப்பட்ட மருத்துவர் ஐயத்தைக்கூடக் கணீரென்று சொல்வார். புதியவர் உறுதியானதையும் திக்கித் திக்கிச் சொல்வார். சொற்களைப் பாருங்கள்.

நான் நான்கு குறிகள் வைத்துக்கொள்கிறேன். எதுவும் சேர்க்காமல் சொன்னால் "உறுதி". "பெரும்பாலும்", "சிலருக்கு", "குழந்தைங்களுக்கு" என்று எல்லை கட்டினால் "வரம்போடு". "அனேகமா", "இருக்கலாம்", "மாதிரி தெரியுது", "நான் பார்த்த வரைக்கும்" என்று வந்தால் "ஐயத்தோடு". "சொல்றாங்க", "ங்கறாங்க", "ஆய்வுல சொல்லியிருக்காங்க" என்று இன்னொருவர் தலையில் போட்டால் "பிறர் சொன்னதாக".

வரம்பையும் ஐயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. சிக்கலான கட்டம் "எல்லாருக்கும் வராது" என்று சொன்னதில் மருத்துவருக்கு ஐயமே இல்லை. எல்லோருக்கும் வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு வருமா என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்கு "ஐயத்தோடு" என்று குறி போட்டால், வாசிப்பவர் "டாக்டருக்கே சரியாத் தெரியலையாம்" என்று எடுத்துக்கொள்வார்.

அப்புறம், "அது இன்னும் நிரூபணமாகல" என்பதைப் பலரும் ஐயத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது உறுதியான கூற்று. பப்பாளி இலைச்சாறு உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அவர் அடித்தே சொல்கிறார். அதற்கு முந்தைய வாக்கியம், அதாவது தட்டணு கொஞ்சம் சீக்கிரம் ஏறியது என்பது, "பிறர் சொன்னதாக". அதற்குள்ளேயே "சில", "சின்ன", "கொஞ்சம்" என்று மூன்று வரம்புகள் இருக்கின்றன. மூன்றையும் எழுதுங்கள். ஒரு மருத்துவர் அடுத்தடுத்து மூன்று வரம்பு போட்டால் வேண்டும் என்றேதான் போடுகிறார்.

"லாம்" என்று முடிந்தாலே ஐயம் என்று குறித்துவிடலாமா?

கூடாது. 8:05இல் மருத்துவர் பதிலில் இரண்டு "லாம்" வருகின்றன, இரண்டும் வேறு. "பாராசிட்டமால் போடலாம்" என்பது அனுமதி. மாத்திரை வேலை செய்யுமா என்ற சந்தேகம் அங்கே இல்லை. "ரத்தக்கசிவ அதிகமாக்கிடலாம்" என்பது நடக்கக்கூடியதைச் சொல்கிறது.

சந்தேகமாக இருந்தால் "லாம்" இருக்கும் இடத்தில் "தடையில்லை" என்று போட்டுப் பாருங்கள். "பாராசிட்டமால் போடத் தடையில்லை" பொருந்துகிறது, எனவே அனுமதி. "ரத்தக்கசிவை அதிகமாக்கத் தடையில்லை" அபத்தமாக இருக்கிறது, எனவே அது சாத்தியம். "சாயங்காலம் ஜன்னல மூடி வெச்சுக்கலாம்" போன்ற சில, அனுமதியா யோசனையா என்று தெரியாமல் நடுவில் நிற்கும். அவற்றை அறிவுரையில், அழுத்தம் குறைந்ததாகச் சேர்த்துவிடுகிறேன்.

அதே பத்தியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "வாங்கிப் போடக் கூடாது" என்ற எச்சரிக்கை உறுதியானது. "அதிகமாக்கிடலாம்" என்ற காரணம்தான் சாத்தியமாகச் சொல்லப்பட்டது. ஆஸ்பிரின் போட்ட எல்லோருக்கும் ரத்தம் கசியாது, ஆனால் யாருக்குக் கசியும் என்று தெரியாததால் எல்லோருக்கும் தடை. காரணத்தில் இருக்கும் "லாம்" எச்சரிக்கைக்குத் தாவிவிடக் கூடாது. "இந்த மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லதாக இருக்கலாம்" என்று ஒரு தாளில் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு முட்டிவலிக்கு ஒன்று போட்டுக்கொள்பவரைக் குறை சொல்ல முடியுமா?

"நினைக்கிறேன்" என்று சில மருத்துவர்கள் எதற்கெடுத்தாலும் சொல்கிறார்களே?

சிலருக்கு அது வாய்ப்பழக்கம், சிலருக்குப் பணிவு. முழுப் பேச்சையும் ஒருமுறை கேட்டால் பிடிபட்டுவிடும். "நல்லா தண்ணி குடிக்கணும்னு நினைக்கிறேன்" என்று சொல்லும் ஒருவர் பப்பாளி இலைக்கும் அதே சொல்லைப் போட்டால், அதை மட்டும் வைத்து ஐயக் குறி போட முடியாது. வேறு தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "உறுதி?" என்று கேள்விக்குறியோடு விட்டுவிட்டு மருத்துவரிடமே கேளுங்கள்.

தொகுப்பாளர் சுருக்கிச் சொன்னதற்கு மருத்துவர் "ம்" போட்டார். அதையே எடுத்துக்கொள்ளலாமா? அழகாகவும் சின்னதாகவும் இருக்கிறதே.

எடுக்காதீர்கள். வானொலிப் பேச்சில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். தொகுப்பாளர்களுக்குக் கேள்வியை முடித்து அடுத்ததற்குப் போக வேண்டும். அதனால் "ஆக" என்று தொடங்கி, பேச்சில் இருந்த "சில", "கொஞ்சம்", "நிரூபணமாகல" எல்லாவற்றையும் உதறிவிட்டு ஒரு வரியாக்கிவிடுவார்கள். அந்த வரி காதுக்கு நன்றாக இருப்பதால் தாளுக்கும் அதுவே போய்விடுகிறது.

9:30ஐ மறுபடி கேளுங்கள். "நல்லதுதான்" என்பது தொகுப்பாளர் வாய். மருத்துவர் "ம்" என்று இழுத்துவிட்டு, தொகுப்பாளர் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறார்: ஆஸ்பத்திரிக்கு வருவது முக்கியம். மற்றதை ஏற்கவும் இல்லை, நேரலையில் மறுத்துத் தொகுப்பாளரைச் சங்கடப்படுத்தவும் இல்லை. நம் ஊர் மரியாதை அப்படி. தாளில் "பப்பாளி இலைச்சாறு நல்லது" என்ற வரி வரவே கூடாது, தொகுப்பாளர் பேரில்கூட.

"ஆமா, கரெக்ட்" என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னால் வேறு. அப்போதும் நான் மருத்துவரின் சொற்களையே எடுப்பேன், தொகுப்பாளர் வரியை எடுக்க மாட்டேன்.

நிலவேம்புக் குடிநீர் பற்றிக் கேட்கும்போதும் இதே கதைதான். "அரசாங்கமே குடுக்கறாங்களே டாக்டர்" என்பார் தொகுப்பாளர். "ஆமா, குடுக்கறாங்க" என்பார் மருத்துவர். தமிழ்நாட்டில் டெங்கு காலத்தில் அரசு நிலவேம்புக் குடிநீர் வழங்கியது உண்மை. மருத்துவர் ஆமோதித்தது அதை மட்டும்தான். அது டெங்குவைக் குணப்படுத்தும் என்ற கூற்று அங்கே யார் வாயிலும் வரவில்லை.

"குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல" – இதை எந்தப் பெட்டியில் போடுவது?

அறிவுரைப் பெட்டியில் போடவே கூடாது. தடுக்கவில்லை என்பதால் பரிந்துரைத்ததாக ஆகாது. ஆனால் எழுதுபவர்கள் இதைக் "குடிக்கலாம்" என்று மாற்றுகிறார்கள், அடுத்த கையில் அது "குடிக்கவும்" ஆகிறது. மூன்றாவது கை அளவு கேட்கும்.

இதைத் தனியாக "பரிந்துரைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை" என்று எழுதுங்கள். அதை ஒட்டியே அவர் சொன்ன எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள்: அதை நம்பி மருத்துவமனைக்கு வராமல் இருக்க வேண்டாம். இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் பிரித்துப் போட்டால், முதல் பாதியை மட்டும் யாராவது புகைப்படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள்.

எண்களை எப்படி எழுதுவது? "நாலஞ்சு நாள்" என்றால் ஐந்தா?

"நான்கைந்து நாள்" என்றே எழுதுங்கள். "நாலஞ்சு", "பத்துப் பதினஞ்சு", "ஒரு நாள் ரெண்டு நாள்" எல்லாமே தோராயம் என்று சொல்லிக்கொண்டே வரும் எண்கள். அவற்றை 5, 15, 2 என்று இலக்கமாக்கினால் அளந்து பார்த்துச் சொன்னது போன்ற தோற்றம் வந்துவிடும். 11:50இல் அந்த எண்ணுக்குப் பின்னால் "அனேகமா" என்று வேறு இருக்கிறது. வாக்கியம் முடிந்த பிறகு ஒட்டிக்கொண்டு வரும் இந்தச் சொல்லை வேகமாக எழுதுபவர்கள் தவறவிடுவார்கள். அடுத்த வாக்கியத்தின் தொடக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு.

நாள் கணக்கில், எதிலிருந்து எண்ணுகிறார் என்பதையும் பாருங்கள். 6:40இல் "மூணுலேர்ந்து ஏழாம் நாள்" என்பது காய்ச்சல் தொடங்கியதிலிருந்து. 11:50இல் "நாலஞ்சு நாள்" எதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. தட்டணு குறைந்த நாளிலிருந்தா, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்தா? நீங்களாக நிரப்பாமல் "(எதிலிருந்து என்று சொல்லவில்லை)" என்று எழுதி வையுங்கள்.

ஐயத்தை ஒரு இடத்தில் சொல்லிவிட்டு, பின்னால் உறுதியாகச் சொல்கிறார். எதை வைத்துக்கொள்வது?

அதே கூற்றுதானா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இல்லை. "தட்டணு ஏறலாம்" என்று முதலிலும், "தட்டணு ஏறும்" என்று பின்னாலும் சொன்னால், முதலாவது இலைச்சாற்றால் ஏறுவதாகவும் இரண்டாவது நோய் தணியும்போது தானாக ஏறுவதாகவும் இருக்கும். எழுவாயை முழுதாக எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

அதே கூற்றுதான் என்றால் இரண்டு நிமிடக் குறிகளையும் போட்டு, அளந்து சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுச் சூட்டில் வரம்புகள் உதிர்வது இயல்பு. முதலில் கவனமாகச் சொல்லிவிட்டதால் மறுபடி சொல்ல வேண்டியதில்லை என்று பேசுபவர் நினைத்திருப்பார். ஆனால் "முன்னாடி நான் சொன்னது தப்பு" என்று அவரே திருத்தினால் பின்னதுதான் செல்லும்.

மருத்துவர் சொன்னதே தவறு என்று எனக்குப் படுகிறது. திருத்திவிடலாமா?

அவர் கூற்றைத் தொடாதீர்கள். தாளில் "பேச்சில் சொன்னது" என்றும் "வெளியே பார்த்தது" என்றும் இரண்டு பத்திகள் வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்ததை இரண்டாவதில் எழுதுங்கள். அவர் உறுதியாகச் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஐயத்தோடு சொன்னதாலேயே பொய்யாகியும் விடாது. உங்கள் குறி காட்டுவது அவர் எவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பதை மட்டும்தான்.

எடுத்துக்காட்டாக, 11:50இல் தட்டணு ஏற்றுவது பற்றி "பலன் இருக்கற மாதிரி தெரியல" என்கிறார். குறி: ஐயத்தோடு. வெளியே பார்த்தால், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே குறைந்து, ஆனால் பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் ரத்தக்கசிவு தடுக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. மருத்துவர் அளந்து சொன்னதற்கு வெளியே வலுவான துணை இருக்கிறது என்று ஆகிறது. அதற்காக முதல் பத்தியில் குறியை "உறுதி" என்று மாற்றக் கூடாது. அந்த ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. ரேடியோ கேட்ட தாய் குழந்தையை மனத்தில் வைத்துக் கேட்டிருப்பார், மருத்துவரும் அதை நினைத்தே அடக்கி வாசித்திருக்கலாம்.

பப்பாளி இலைக்கும் வெளியே தேடினால் 2013இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று கிடைக்கும், தட்டணு எண்ணிக்கை ஏறியதைச் சொல்கிறது. மருத்துவர் சொன்ன "சில சின்ன ஆய்வுகள்" வகையைச் சேர்ந்ததுதான் அதுவும்.

உயிருக்கு ஆபத்தான தவறு என்று பட்டால், உதாரணமாக ஆஸ்பிரின் போடச் சொல்லிவிட்டார் என்றால், தாளை வெளியிடாமல் நிறுத்திவிட்டு நிலையத்துக்கு எழுதுங்கள்.

ஒரு இடத்தில் "கூடும்" என்றாரா "கூடாது" என்றாரா என்றே கேட்கவில்லை. இசை வேறு குறுக்கே வருகிறது.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பேச்சைக் கேட்டிராத இன்னொருவரிடம் கொடுங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவருக்கும் அதுவே கேட்கும். கணினியில் ffmpeg என்ற ஒலி வெட்டும் நிரல் இருந்தால் இப்படி வெட்டலாம்:

```
ffmpeg -i pechu.mp3 -ss 00:08:05 -to 00:08:40 -c copy thundu.mp3
```

துண்டு சந்தேகச் சொல்லுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து வினாடியாவது நீளட்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியத்தின் வால் வெட்டுப்பட்டால் பொருளே தலைகீழாகிவிடும். இருவருக்கும் வேறு வேறாகக் கேட்டால் அந்த வரியைத் தாளில் போடாதீர்கள். மாத்திரைப் பெயரும் அளவும் வரும் இடங்களில், தெளிவாகக் கேட்டாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

எல்லாம் சரி, தாள் கடைசியில் எப்படி இருக்கும்?

நம் மாதிரிப் பேச்சிலிருந்து சில வரிகள்:

கூற்று, 4:12, உறுதி: டெங்கு கொசு பகலில் கடிக்கும். விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம்.

கூற்று, 4:12, உறுதி: முட்டை தொட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். → அறிவுரை: வாரம் ஒரு முறையாவது உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது.

எச்சரிக்கை, 6:40, உறுதி (காலம் வரம்போடு: "பெரும்பாலும்" 3 முதல் 7ஆம் நாளுக்குள்): காய்ச்சல் இறங்கும் சமயத்தில் விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு மூக்கில் ரத்தக்கசிவு, குழந்தை சோர்ந்து சுருளுதல் – காத்திருக்காமல் மருத்துவமனைக்கு.

எச்சரிக்கை, 8:05, உறுதி: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கடையில் வாங்கிப் போடக் கூடாது. காரணம், சாத்தியமாகச் சொன்னது: ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடலாம்.

கூற்று, 9:30, பிறர் சொன்னதாக, வரம்போடு: பப்பாளி இலைச்சாற்றால் சில சிறிய ஆய்வுகளில் தட்டணு கொஞ்சம் சீக்கிரம் ஏறியது. கூற்று, 9:30, உறுதி: அதனால் ரத்தக்கசிவு குறைகிறது, உயிர் பிழைக்கிறார்கள் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. பரிந்துரைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எச்சரிக்கை: அதை நம்பி மருத்துவமனைக்கு வராமல் இருக்க வேண்டாம்.

இது வேலைத்தாள். சுவரில் ஒட்டுவதில் நிமிடமும் குறியும் தேவையில்லை, ஆனால் குறியின் பொருள் வாக்கியத்துக்குள் போய்விட வேண்டும். "(ஐயத்தோடு)" என்று அடைப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், அடுத்த முறை தட்டச்சு செய்பவர் அதை எடுத்தும்விடுவார். "இன்னும் நிரூபணமாகவில்லை" என்று வினையிலேயே முடித்தால் எடுக்க வழியில்லை.

இடம் பத்தவில்லை. ஐயத்தோடு சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு உறுதியானதை மட்டும் போடலாமா?

பாதி சரி. தட்டணு ஏற்றுவது பற்றிய வரியை விடலாம், அது மருத்துவமனைக்குள் எடுக்கும் முடிவு, சுவரொட்டி படிப்பவர் கையில் இல்லை. ஆனால் பப்பாளி இலையை விட முடியாது. ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், தாளில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். இடம் இல்லையென்றால் கொசுவின் கடிநேரத்தைச் சுருக்குங்கள்.

எதை விட்டாலும் ஒரு கூற்றை வைத்துக்கொண்டு அதன் வரம்பை மட்டும் விடாதீர்கள். விட்டால் முழுதாக விடுங்கள்.

மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்க நேரமில்லை என்கிறார். என்ன செய்வது?

முழுத் தாளையும் அனுப்பினால் யாருக்கும் நேரம் இருக்காது. "9:30இல் நீங்கள் இதைப் பரிந்துரைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்று எழுதியிருக்கிறோம், சரியா?" "11:50இல் நான்கைந்து நாள் என்பது எதிலிருந்து?" என்று இரண்டு மூன்று கேள்விகளை மட்டும், நிமிடக் குறியோடு, அந்த ஒலித்துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். நிலையத்தின் வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது, மறு ஒலிபரப்புக்கும் தாளுக்கும் அனுமதி கேட்பதும் அங்கேயே முடிந்துவிடும். பதில் வரும்வரை அந்த இரண்டு மூன்று வரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியை ஒட்டலாம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் தொட்டி கழுவும் வரி யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.